பள்ளிபாளையம் சிக்கன் ரீலைப் பார்க்கிறார்கள், ஆர்டர் போடுவதில்லை: எங்கே தடுக்கிறது?

பீளமேடு_அடுப்படி

வணக்கம். கோவை பீளமேட்டில் ஒரு சின்ன கிளவுட் கிச்சன் நடத்துகிறோம். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, டெலிவரி ஆப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஆர்டர்தான். நானும் மனைவியும் ஒரு மாஸ்டரும். எங்களுக்கு நன்றாகப் போகிற அயிட்டம் பள்ளிபாளையம் சிக்கன், அதைச் செய்வதை முழுசாக எடுத்து இன்ஸ்டாகிராமில் ரீலாகப் போட்டோம். முதலில் கடை லோகோ, அடுத்து சின்ன வெங்காயம் உரிப்பது, மிளகாயைக் கிள்ளி விதையை உதிர்ப்பது, எண்ணெய் காய்வது, கறி வேகுவது, கடைசியில் வாழை இலையில் வைத்து ஒரு ஷாட். 52 விநாடி. "லிங்க் பயோவில் இருக்கிறது" என்று முடித்தோம். 40,000 பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். கமெண்டில் "எங்கே இருக்கு", "சென்னைக்கு வருமா", "லிங்க் கொடுங்க" என்று குவிகிறது. ஆர்டர் மட்டும் எப்போதும் வருகிற அளவைத் தாண்டவில்லை. பசியோடு பார்க்கிறவர் அப்படியே லிங்கைத் தட்டி ஆர்டர் போட வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிரெண்டிங்_தீபன்

ரெண்டே விஷயம்தான் ப்ரோ. சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுங்கள், எல்லாருக்கும் பசிக்கிற நேரம். அப்புறம் அந்த வாரம் ஓடுகிற டிரெண்டிங் பாட்டைப் பின்னணியில் போடுங்கள். 52 விநாடி ரொம்ப நீளம், பாதியாக வெட்டுங்கள். லோகோவில் ஆரம்பிக்கவே கூடாது, அங்கேயே பாதிப் பேர் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

செல்வி_சமையல்

எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. 40,000 பார்வைக்கு எவ்வளவு பணம் வரும் என்று கேட்கிறீர்கள் என்றால், நம் ஊரில் ரீல் பார்வைக்கு என்று நேரடியாகப் பெரிதாக எதுவும் வராது. யூடியூபில் நீளமான சமையல் வீடியோ போட்டால்தான் விளம்பர வருமானம் கிடைக்கும். நான் அங்கேதான் போடுகிறேன்.

பீளமேடு_அடுப்படி

இல்லைங்க அக்கா, பார்வைக்குப் பணம் எங்களுக்கு வேண்டாம். சிக்கன் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

தீபன், லோகோ விஷயம் புரிகிறது. ஆனால் அந்த ரீலையே சாயங்காலம் ஏழரைக்குத்தான் போட்டோம்.

விளம்பரம்_வித்யா

சிறிய உணவுக் கடைகளுக்கு விளம்பர வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தீபன் சொன்னதில் லோகோவும் நீளமும் சரி. நேரம் பற்றிச் சொன்னது ரீலுக்குப் பொருந்தாது. ஏழு மணிக்குப் போட்ட ரீலை ஏழு மணிக்கே காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் அந்தத் தளத்துக்கு இல்லை. முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும், அவர்கள் கடைசிவரை பார்த்தால் இன்னும் பலருக்குத் தள்ளும், அது அடுத்த நாளும் அதற்கடுத்த வாரமும் போய்க்கொண்டே இருக்கும். ஆக உங்கள் ரீலை ஒருவர் மதியம் மூன்றரைக்குப் பார்க்கலாம், இன்னொருவர் இரவு பன்னிரண்டரைக்குப் பார்க்கலாம். அந்த நேரத்தில் உங்கள் அடுப்பு எரிகிறதா? எரியவில்லை என்றால் லிங்கைத் தட்டியவருக்கு "இப்போது மூடியுள்ளது" என்பதுதான் தெரியும்.

இரண்டாவது, இடம். "சென்னைக்கு வருமா" என்ற கமெண்ட்டிலேயே விடை இருக்கிறது. உங்களால் ஐந்தாறு கிலோமீட்டருக்குக் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்கள் அந்த 40,000 பேரில் எத்தனை பேர்? உங்கள் கணக்கின் இன்சைட்ஸில் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும், திறந்து பாருங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பசித்தாலும் உங்களுக்கு ஒரு பொட்டலம்கூடப் போகாது.

மூன்றாவது, வழி. ரீலின் கேப்ஷனில் லிங்க் எழுதினால் அது வெறும் எழுத்துதான், தட்ட முடியாது. கமெண்டிலும் அப்படியே. பயோவுக்குப் போகிறவர் ரீலை விட்டு வெளியே வந்து, கடைப் பெயரைத் தட்டி, அங்கே லிங்கைத் தேடி, மறுபடி தட்ட வேண்டும். பயோவில் என்ன லிங்க் வைத்திருக்கிறீர்கள்?

பீளமேடு_அடுப்படி

ஒரே பக்கத்தில் ஐந்து லிங்க் வரும்படி வைத்திருக்கிறோம். இரண்டு டெலிவரி ஆப், வாட்ஸ்அப், கூகுள் மேப், யூடியூப்.

இன்சைட்ஸ் பார்த்தேன். சென்னைதான் முதலில் நிற்கிறது, அப்புறம் கோவை, பெங்களூரு, ஈரோடு. நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தப் பட்டியலை இந்தக் கோணத்தில் பார்க்கிறேன்.

விளம்பரம்_வித்யா

சாப்பிட வருகிறவருக்கு மேப்பும் யூடியூபும் எதற்கு? கிளவுட் கிச்சனுக்கு யாரும் நேரில் வரப்போவதில்லை. அவற்றை எடுத்துவிடுங்கள். ஒரு லிங்க் போதும், அதிகம் போனால் இரண்டு.

அந்த ஒரு லிங்கையும் ஒருமுறை நீங்களே சோதியுங்கள், உங்கள் போனில் மட்டும் வேண்டாம். இன்ஸ்டாகிராமுக்குள் தட்டுகிற லிங்க் பல நேரம் அதற்குள் இருக்கும் குட்டி பிரவுசரிலேயே திறக்கும். போனில் டெலிவரி ஆப் இருந்தாலும், அங்கே இணையப் பக்கமாகத் திறந்து, நம்பர் கேட்டு, ஓடிபி கேட்டு, முகவரி கேட்கும். அதற்குள் பசி ஆறிவிடும். டெலிவரி ஆப்பில் உங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் ஷேர் பட்டனை அழுத்தி வருகிற லிங்கை எடுத்துப் போடுங்கள், அது பெரும்பாலும் ஆப்பையே திறக்கும். பிரவுசர் முகவரியிலிருந்து நகலெடுத்த லிங்க் அப்படித் திறக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று, ஆப் இல்லாத போன் ஒன்று, மூன்றிலும் தட்டிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் ஆர்டருக்கு வெறும் நம்பர் கொடுக்காமல், செய்தி ஏற்கெனவே எழுதப்பட்டு வரும்படி கொடுக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Pallipalayam%20chicken%20250g
```

X இருக்கும் இடத்தில் உங்கள் நம்பர். தட்டினால் அந்த வரி தட்டச்சு செய்தபடி நிற்கும், அனுப்பு பட்டனை அழுத்தினால் போதும். இதில் இன்னொரு லாபம், அந்த வரியோடு வருகிற ஆர்டர் ரீலிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். டெலிவரி ஆப்பில் அது தெரியாது. அங்கே தெரிய வேண்டும் என்றால் ரீலில் மட்டும் சொல்கிற ஒரு காம்போவைத் தனிப் பெயரில் மெனுவில் சேர்க்க வேண்டும். "கடாய் பள்ளிபாளையம் + 2 பரோட்டா" என்று வையுங்கள், அது எத்தனை போகிறது என்று எண்ணுங்கள். அது இல்லாமல் ரீல் வேலை செய்கிறதா இல்லையா என்று பேசுவதே ஊகம்தான்.

கேமரா_கந்தன்

லிங்க் எல்லாம் சரி, ஆனால் தட்டத் தோன்ற வேண்டுமே. நான் உணவுப் படப்பிடிப்புதான் செய்கிறேன், உங்கள் ரீல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் சொன்ன வரிசையிலிருந்தே தெரிகிறது.

பள்ளிபாளையத்தில் எச்சில் ஊறுகிற இடம் ஒன்றே ஒன்று. கறி விட்ட தண்ணீர் எல்லாம் வற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் கொதித்து, கரண்டியால் புரட்டும்போது தேங்காய்ப் பல்லும் மிளகாயும் கறியோடு ஒட்டிப் புரளுமே, அந்த ஒன்றரை நிமிடம். அதிலிருந்து நல்ல இரண்டு விநாடியை எடுத்து முதலில் வையுங்கள். அதே ஷாட்டின் மேல் பெரிய எழுத்தில் "பள்ளிபாளையம் சிக்கன், பீளமேடு" என்று போடுங்கள். அதன் பிறகு பின்னால் போய் மிளகாய் கிள்ளுவது, வெங்காயம் வதங்குவது, கறி விழுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடியாகக் காட்டலாம். செய்முறை அவசியம் வேண்டும், மசாலாப் பொடி போடாமல் வெறும் மிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது. ஆனால் உரிக்கிற வெங்காயத்தைப் பார்த்து யாருக்கும் பசிக்காது. 25 விநாடிக்குள் முடியும்.

எழுத்தை நடுவிலோ அதற்குச் சற்று மேலேயோ வையுங்கள். திரையின் அடிப்பகுதியில் கேப்ஷனும் வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்களும் வந்து மறைத்துவிடும். விலையைக் கீழே எழுதிவிட்டு யாருமே கேட்கவில்லையே என்று உட்கார்ந்திருந்த கடையைப் பார்த்திருக்கிறேன்.

ஆவி. இதுதான் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம். போனுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி தெரியாது. கடாய்க்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் இருண்ட சுவர் அல்லது ஒரு கருப்புத் துணி. அப்போதுதான் ஆவி வெள்ளையாக எழும்பும். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அது எல்.இ.டி விளக்கின் மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டினால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஷாட்டில் கறி மஞ்சளாகவும் அடுத்ததில் பச்சை அடித்தும் இருக்கும்.

பாட்டு வேண்டாம் என்பது என் கருத்து. வணிகக் கணக்குக்கு எல்லாப் பாட்டையும் பயன்படுத்த உரிமை தருவதில்லை, அது ஒரு பக்கம். அதைவிட, எண்ணெயில் வெங்காயம் விழுகிற "சுர்" சத்தத்தை விட்டுவிட்டு யாரோ பாடுவதை எதற்குப் போட வேண்டும்? எக்ஸாஸ்டை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

ஹோட்டல்_மாஸ்டர்_ஈரோடு

கேமரா தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த மிளகாய் எண்ணெயில் கிடக்கும்போது எக்ஸாஸ்டை நிறுத்திப் பாருங்கள், கிச்சனில் ஒருத்தரும் நிற்க முடியாது, கேமரா பிடிக்கிறவர் உட்பட. சத்தம் வேண்டுமென்றால் மிளகாய்க்கு முன்னால் கொஞ்சம் வெங்காயத்தை மட்டும் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது கடைசியில் தேங்காய்ப் பல் போட்ட பிறகு. அந்த நேரத்தில் நெடி அடங்கியிருக்கும். போனைக் கடாய்க்குப் பக்கத்தில் நீட்டாதீர்கள், எண்ணெய் தெறிக்கும், லென்ஸில் ஆவி படிந்து படம் மங்கும். தள்ளி நின்று ஜூம் பண்ணுங்கள்.

அப்புறம் கடைக்காரரிடம் ஒரு கேள்வி. ஆர்டர் வந்ததும் பச்சைக் கறியிலிருந்தா ஆரம்பிக்கிறீர்கள்? ஒரு கடாய்க்கு முழுசாக அரை மணி நேரம் பிடிக்கும். ஒரே நேரத்தில் பத்து ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள்?

பீளமேடு_அடுப்படி

இல்லைங்க மாஸ்டர். காலையில் மூன்று கிலோவாகக் கறியை வெங்காயம், மிளகாயோடு முக்கால்வாசி வேகவைத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். ஆர்டர் வந்ததும் 250 கிராம் எடுத்துக் கடாயில் நல்லெண்ணெய் விட்டு, தேங்காய்ப் பல், கறிவேப்பிலை போட்டு வற்ற விட்டுச் சுருட்டிக் கொடுக்கிறோம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவசரமில்லாத நாளில் எங்கள் மாஸ்டர் மொத்தமாகவே செய்வார், ரீல் அப்படி எடுத்ததுதான்.

சாப்பாட்டுப்பிரியை

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பேசுகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். இதுதான் எனக்கு உறுத்துகிற இடம். ரீலில் ஒரு பெரிய கடாயில் தளதளவென்று கறியைக் காட்டுகிறீர்கள், வாழை இலையில் மலை மாதிரி வைக்கிறீர்கள். வீட்டுக்கு வருவது கால் கிலோ டப்பா. நான் ஒருமுறை ஒரு ரீலைப் பார்த்து ஆசையாக ஆர்டர் போட்டேன், ரீலில் இருந்த தேங்காய்ப் பல் டப்பாவில் மூன்றோ நான்கோதான். சுவை மோசமில்லை. ஆனாலும் ஏமாந்த மாதிரி இருந்தது, மறுபடி அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

இன்னொன்று, கலரை ஏற்றாதீர்கள். பள்ளிபாளையம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும், சிவப்பு மிளகாயில் மட்டும்தான். ஃபில்டர் போட்டு ஆரஞ்சாக்கினால் கலர்ப்பொடி போட்ட சிக்கன் 65 என்று நினைத்து நானே தள்ளிவிட்டுப் போவேன்.

கேமரா_கந்தன்

கலர் விஷயத்தில் அக்கா சொல்வது நூறு சதவீதம் சரி. ஆனால் பெரிய கடாயைக் காட்டுவதில் என்ன தப்பு? அங்கே அப்படித்தானே சமைக்கிறார்கள்? படம் எடுக்கும்போது கொஞ்சம் அழகாகக் காட்டத்தான் செய்வோம்.

சாப்பாட்டுப்பிரியை

கடாயைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி ஷாட்டில் வாழை இலைக்குப் பதிலாக அந்த டப்பாவைக் காட்டுங்கள். தராசில் வைத்து 250 கிராம் என்று தெரிகிற மாதிரி, மூடி, ஒட்டி, டெலிவரி பையில் போடுகிற வரை. எனக்கு வரப்போவது அதுதானே. அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுகிறவர் குறை சொல்ல மாட்டார்.

ஹோட்டல்_மாஸ்டர்_ஈரோடு

அம்மா சொல்கிற டப்பா ஷாட் நல்ல யோசனை. முக்கால்வாசி வேகவைத்து வைப்பது எல்லாக் கிச்சனிலும் நடப்பதுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் ரீலையே அந்தப் பத்து நிமிட வேலையாக எடுங்கள். ஒரு ஆள் அளவு கறி, சின்னக் கடாய், கடைசிப் புரட்டு. பார்க்கிறவருக்கும் "எனக்காக ஒரு கடாய்" என்று தோன்றும். வேகவைத்த கறியை ஆறவைக்கிறேன் என்று வெளியே போட்டு வைக்காமல் சீக்கிரம் ஆற்றி உள்ளே வையுங்கள், அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேமரா_கந்தன்

அப்படி எடுத்தால் பச்சை வெங்காயம் எண்ணெயில் விழுகிற ஷாட் போய்விடுமே மாஸ்டர். செய்முறையைக் காட்டும் ரீலுக்கு அதுதான் உயிர். காலை வேலையையும் மாலை வேலையையும் இரண்டு துண்டாகக் காட்டி "காலை 9", "இரவு 8" என்று எழுதிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

டிரெண்டிங்_தீபன்

"காலை 9" என்று எழுதினால் பழசு என்று நினைத்துவிட மாட்டார்களா?

சாப்பாட்டுப்பிரியை

நான் நினைக்க மாட்டேன். பிரியாணியும் காலையில் ஊறவைத்ததுதானே. ஆனால் எல்லாரும் என்னைப் போல யோசிப்பார்களா என்று சொல்ல முடியாது.

மதுரை_கறிதோசை

என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். மதுரையில் எங்கள் கிச்சனுக்குக் கறி தோசை ரீல்தான் எடுத்தோம். கல்லில் தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கறி, திருப்பிப் போடும்போது வரும் சத்தம், பார்க்க அவ்வளவு அருமையாக வந்தது. ஆர்டரும் வந்தது. பிரச்சினை அதன் பிறகு. மூடிய டப்பாவில் இருபத்தைந்து நிமிடம் பைக்கில் போனால் தோசை ஆவியில் ஊறிப் பிசுபிசுத்துவிடுகிறது. ரீலில் மொறுமொறுவென்று பார்த்தவர் கையில் ஈரத்துணி மாதிரி கிடைத்தால் என்ன ரேட்டிங் போடுவார்? வந்த ஆர்டரைவிட அந்த ரேட்டிங்தான் அதிக நாள் நின்றது. இப்போது ரீலுக்குச் சுக்காவை மட்டும்தான் எடுக்கிறோம், அது பயணத்தில் கெடாது, ஆறினாலும் சுவை மாறாது. கறி தோசை மெனுவில் இருக்கிறது, மூன்று கிலோமீட்டருக்குள் மட்டும்.

உங்கள் பள்ளிபாளையம் வறண்ட அயிட்டம் என்பதால் தப்பித்தீர்கள். ஆனால் காம்போவில் பரோட்டா வைக்கச் சொன்னார்களே, அதைத் தனியாகத் தாளில் சுற்றுங்கள், கறியோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றுவதோ பொரித்ததை அதில் வடிப்பதோ ரீலில் தப்பித்தவறிக்கூட வரக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2023-இல் அதை நிறுத்தச் சொல்லி அறிவுறுத்தியிருக்கிறது, கமெண்டில் கண்டுபிடித்து எழுதுகிறவர்கள் நிறைய.

பீளமேடு_அடுப்படி

எல்லாருக்கும் நன்றி. வித்யா மேடம், ஒரு சந்தேகம். இந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும், அதுவும் நாங்கள் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் காட்ட வழி இருக்கிறதா?

விளம்பரம்_வித்யா

இலவச வழி ஸ்டோரி. அதே ரீலை மதியம் பன்னிரண்டுக்கும் இரவு ஏழுக்கும் ஸ்டோரியில் பகிர்ந்து லிங்க் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். அதை நேரடியாகத் தட்டலாம். தீபன் சொன்ன "பசிக்கிற நேரம்" இங்கேதான் பொருந்தும். பெரும்பாலும் உங்களைப் பின்தொடர்கிறவர்கள்தான் பார்ப்பார்கள், அதனால் பீளமேடு, ஹோப் காலேஜ், கணபதி பக்கத்து ஆட்கள் பின்தொடர்வதுதான் உங்களுக்குச் சொத்து, சென்னை ஆட்கள் அல்ல.

பணம் போட்டுச் செய்வதென்றால் மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் உங்கள் கிச்சன் இருக்கும் இடத்தில் பின் குத்தி நான்கைந்து கிலோமீட்டர் வட்டம் போடலாம், ரீலுக்கு அடியிலேயே ஆர்டர் பட்டன் வரும், பயோவுக்குப் போகிற சுற்று இல்லை. எந்தெந்த மணிக்கு ஓட வேண்டும் என்று குறிக்க வேண்டும் என்றால் மொத்தக் காலத்துக்கான பட்ஜெட்டைத் தேர்வு செய்யுங்கள், அதில் அந்த அட்டவணை கிடைக்கும். போனில் "பூஸ்ட்" பட்டனை அழுத்திச் செய்தால் அந்த வசதி வராது. முதலில் வார நாட்களில் 12 முதல் 2 வரை, 7 முதல் 10 வரை என்று மட்டும் குறைந்த தொகையில் ஓட்டிப் பாருங்கள். அந்தத் தனிக் காம்போ எத்தனை போனது, ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போடுங்கள். உங்களுக்கு ஒரு ஆர்டரில் நிற்கும் லாபத்தைவிட அது அதிகமென்றால் நிறுத்திவிடுங்கள். கறி தீர்ந்தால் மெனுவில் அயிட்டத்தை மூடுவதோடு விளம்பரத்தையும் நிறுத்த வேண்டும், இதை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

வாட்ஸ்அப்பா டெலிவரி ஆப்பா என்பதில் நான் ஒரு பக்கமும் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் கமிஷன் மிச்சம், ஆனால் டெலிவரிக்கு ஆள் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஹோட்டல்_மாஸ்டர்_ஈரோடு

எனக்கு ஆப்தான் சரி என்று படுகிறது. அடுப்பில் நிற்கிறவர் போனில் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

மதுரை_கறிதோசை

நாங்கள் வாட்ஸ்அப்தான். பதில் எழுத மாலை மட்டும் ஒரு பையன் இருக்கிறான். கமிஷன் போகாத பணம்தான் அவனுக்குச் சம்பளம்.

பீளமேடு_அடுப்படி

இரண்டையும் வைத்துப் பார்க்கிறோம். சின்னக் கடாயில், தராசு ஷாட்டோடு, ஞாயிறு காலை ஆர்டர் தொடங்குவதற்கு முன்னால் எடுக்கப்போகிறோம். காலை 9 என்று எழுதுவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

செல்வி_சமையல்

புரட்டாசி வருகிறதே, அப்போது சிக்கன் ரீல் போட்டு என்ன பயன்? எங்கள் தெருவில் பாதி வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். அதே மசாலாவில் காளான் செய்வீர்களா?

பீளமேடு_அடுப்படி

செய்வோம் அக்கா, மெனுவில் இருக்கிறது. காளான் தண்ணீர் நிறைய விடும், வற்ற நேரம் பிடிக்கும், ஆனால் அந்தக் கடைசிப் புரட்டு அதிலும் வரும். அன்றைக்கே அதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று மாஸ்டரிடம் சொல்கிறேன்.